தெரு நிதியும் வெள்ளமும்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள். கணக்கு வரும். ஆனால் பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பைப் பெரிதாகத் தாண்டாது.

முடிச்சூர் பக்கம் குடியிருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். தெருவில் நூறு வீடு. வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் வசூலித்து, "வெள்ள நிவாரண நிதி" என்று சங்கத்தின் பேரில் வங்கியில் போட்டுவைப்பது. மறுபடியும் ஒரு 2015 வந்தால் யாரிடமும் கையேந்த வேண்டாம். "இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டினால் போனது போனதுதான் சார். இது நம்ம பணம், நம்மகிட்டயே இருக்கும்" என்று சொல்லி, என் கருத்தைக் கேட்டார்கள்.

என் கருத்து இதுதான். நிதி ஆரம்பியுங்கள். ஆனால் அதை வெள்ளத்துக்கென்று ஆரம்பிக்காதீர்கள். தெருவுக்கு வரும் வேறு பல கஷ்டங்களுக்கு அந்த நிதி நன்றாக உதவும். வெள்ளத்துக்கு மட்டும் உதவாது. வசூல் குறைவு என்பதாலோ, பொருளாளர் சரியில்லை என்பதாலோ இதைச் சொல்லவில்லை. கணக்கே இடம் கொடுக்காது.

முதலில் வெள்ளத்தை விட்டுவிட்டு வேறொரு கஷ்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் திடீரென்று ஒரு விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு 2 லட்சம் ரூபாய். இப்படி நேர்வதற்கு ஒரு வீட்டுக்கு ஒரு வருடத்தில் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண். அப்படியானால் நூறு வீட்டில் வருடத்துக்குச் சராசரியாக ஒரு வீட்டுக்கு நேரும். செலவை நூறு வீடும் பங்கிட்டால் ஆளுக்கு 2,000 ரூபாய். தெருவில் வசூலாவது வருடம் 2,400. பரவாயில்லையே என்று தோன்றும்.

ஆனால் சராசரி ஒன்று என்றால் ஒவ்வொரு வருடமும் சரியாக ஒன்று என்று அர்த்தம் இல்லை. கணக்குப் போட்டால், நூறில் 37 வருடம் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இன்னொரு 37 வருடம் ஒரு வீட்டுக்கு நேரும். மீதி 26 வருடம் இரண்டு வீட்டுக்கோ அதற்கு மேலோ நேரும். அதாவது ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒருமுறை, அந்த வருட வசூல் போதாது. எந்த வருடமும் கைவிரிக்காமல் இருக்க வேண்டுமென்றால் நாலைந்து வீட்டுக்குக் கொடுக்கும் அளவு பணம் கையிருப்பில் வேண்டும். வீட்டுக்கு 8,000 முதல் 10,000 வரை.

இதே ஏற்பாட்டில் ஒரு தெருவுக்குப் பதில் நூறு தெரு சேரட்டும், பத்தாயிரம் வீடு. சராசரியாக நூறு வீட்டுக்கு நேரும். இங்கே நீங்கள் பத்தாம் வகுப்பில் படித்த திட்டவிலக்கம் உதவும். அது சுமார் 10 வரும். ஆகவே பெரும்பாலான வருடங்களில் எண்ணிக்கை 80க்கும் 120க்கும் நடுவில் நிற்கும். 130ஐத் தாண்டுவது மிக அபூர்வம். 130 வீட்டுக்கான பணத்தைப் பத்தாயிரம் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 2,600 ரூபாய்தான். பத்து லட்சம் வீடு சேர்ந்தால் இதே பாதுகாப்புக்கு ஆளுக்கு 2,060 போதும்.

கவனியுங்கள், யாருடைய ஆபத்தும் குறையவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அதே நூற்றில் ஒன்றுதான். கூட்டம் பெருகப் பெருக, சராசரிக்கு மேல் எடுத்துவைக்க வேண்டிய பணம் மட்டும் கரைகிறது. 8,000 ஆக இருந்தது 2,060 ஆகிறது. இதைத்தான் பெரிய எண்களின் விதி என்கிறோம். ஸ்விட்சர்லாந்துக் கணிதமேதை ஜேக்கப் பெர்னூலி நிரூபித்தது. அவர் இறந்து எட்டு வருடம் கழித்து 1713ல்தான் அந்தப் புத்தகம் அச்சாகி வந்தது. காப்பீட்டுத் தொழில் முழுதும் அந்த விதியின் மேல் நிற்கிறது.

ஒரு இடத்தில் பலரும் தடுமாறுவார்கள். கூட்டம் பெருகினால் விலகல் குறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். விலகல் குறைவதில்லை, கூடுகிறது. நூறு வீட்டில் திட்டவிலக்கம் 1, பத்தாயிரத்தில் 10, பத்து லட்சத்தில் 100. ஆனால் கூட்டம் நூறு மடங்கு பெருகும்போது விலகல் பத்து மடங்குதான் பெருகுகிறது. எனவே தலைக்கு வரும் பங்கு சுருங்குகிறது. வர்க்கமூலம் செய்கிற உபகாரம் அது.

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். அந்த வர்க்கமூலம் சும்மா கிடைத்ததில்லை. "ஒரு வீட்டில் நடப்பதற்கும் அடுத்த வீட்டில் நடப்பதற்கும் சம்பந்தமில்லை" என்ற ஒரு நிபந்தனையை நான் சொல்லாமலே சேர்த்துக்கொண்டேன். வகுப்பில் சார்பற்ற நிகழ்ச்சிகள் என்று படித்திருப்பீர்கள். சேலையூரில் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார் என்று கேள்விப்பட்டால், பெருங்களத்தூரில் இன்னொருவர் விழுந்திருப்பார் என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் "வரதராஜபுரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது" என்று ஒரு போன் வந்தால்? முடிச்சூரில் இருக்கிற அக்காவுக்கு உடனே போன் போடுவோம் இல்லையா? அந்த இரண்டாவது போன்தான் சோதனை. ஒருவருக்கு நேர்ந்தது தெரிந்ததும் இன்னொருவரைப் பற்றிக் கவலை கூடுகிறதென்றால், அந்த இரண்டு ஆபத்துகளும் சார்பற்றவை அல்ல. அவற்றுக்கு நடுவே ஒட்டுறவு இருக்கிறது.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47. மேற்கே அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் புகுந்தது. கிழக்குத் தாம்பரம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் அடையாற்றுக்குப் போவதில்லை, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. வடிகிற பாதை வேறு வேறு. ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே ராத்திரியில் தவித்தோம், ஏனென்றால் மேலே பெய்த மழை ஒன்றே. ஒட்டுறவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காரணம் ஒன்றாக இருந்தால், இழப்புகள் கைகோத்துக்கொண்டு வரும்.

தெரு நிதியின் கணக்கை இப்போது போடுவோம். பத்து வருடம் ஒருவர் விடாமல் கட்டினார்கள். மாதம் 200 வீதம் 120 மாதம், வீட்டுக்கு 24,000. நூறு வீட்டுக்கு 24 லட்சம். பதினோராவது வருடம் வெள்ளம் வருகிறது. நூறு வீட்டுக்குள்ளும் தண்ணீர். வீட்டுக்கு 2 லட்சம் இழப்பு என்றால் மொத்தம் 2 கோடி. இருப்பது 24 லட்சம். நூறு பேரும் பாதிக்கப்பட்டவர்கள், ஆகவே சமமாகத்தான் பிரிக்க முடியும். ஆளுக்கு 24,000.

அந்த 24,000 எது? அவரவர் கட்டிய அதே 24,000. வட்டி கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். மற்றபடி பக்கத்து வீட்டுக்காரர் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்களுக்கு வரவில்லை, உங்கள் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவருக்குப் போகவில்லை. அப்படியானால் அது காப்பீடே அல்ல. நூறு பேர் நூறு உண்டியலை ஒரே அறையில் வைத்த மாதிரி. சேமிப்பு தப்பில்லை. ஆனால் சேமிப்பைப் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டு, உண்மையான பாதுகாப்பை வாங்காமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

"சரி சார், தெருவுக்குத் தெரு சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறோம். தாம்பரம் மாநகராட்சியில் எழுபது வார்டு இருக்கே" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வருவதில்லை, மேட்டுத் தெருக்கள் தப்பும். எனவே ஒட்டுறவு முழுமையானது அல்ல. மிகக் குறைவாக வைத்துப் பார்ப்போம். எந்த இரண்டு வீட்டை எடுத்தாலும் ஒட்டுறவுக் கெழு 0.05 மட்டுமே என்று கொள்ளுங்கள். பரீட்சையில் இந்த விடை வந்தால் "தொடர்பு இல்லை என்றே சொல்லலாம்" என்று எழுதுவீர்கள். ஆனால் n வீடுகள் சேர்ந்த ஒரு கூட்டத்தில் r அளவு ஒட்டுறவு இருந்தால், அந்தக் கூட்டம் எத்தனை சார்பற்ற வீடுகளுக்குச் சமம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு:

n / (1 + (n − 1) × r)

நூறு வீட்டைப் போட்டுப் பாருங்கள், 17 வரும். பத்தாயிரம் வீடு போடுங்கள், 20 வரும். பத்து லட்சம் போட்டாலும் அதே 20தான். பத்து லட்சம் குடும்பம் பணம் கட்டினாலும், ஆபத்தைப் பங்கிடும் வலிமையில் அது இருபது வீடு சேர்ந்த ஒரு சின்னச் சந்துதான். விபத்துக் கணக்கில் கூட்டம் பெருகப் பெருக உபரித் தொகை கரைந்துகொண்டே போனது. இங்கே ஒரு அளவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒட்டுறவு 0.05 என்பது சின்ன எண்தான், ஆனால் கூட்டம் பெரிதாகும்போது அந்தச் சின்ன எண்ணே எஜமானாகிவிடும்.

அப்படியானால் காப்பீட்டு நிறுவனம் மட்டும் வெள்ளத்துக்கு எப்படிப் பணம் கொடுக்கிறது? நம் ஊரில் மட்டும் வியாபாரம் செய்தால் அதுவும் மூழ்கத்தான் செய்யும். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் கிளாரஸ் என்று ஒரு சிறிய ஊர். 1861 மே மாதம் ஒரு ராத்திரி பலமான காற்றடிக்கும்போது தீப்பிடித்து, ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஒரு வீடு இரண்டு வீடு எரிந்தால் சமாளிக்க முடிந்த உள்ளூர்க் காப்பீட்டு ஏற்பாட்டால், ஊரே எரிந்தபோது தாங்க முடியவில்லை. தீ பொதுவாக ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பிடிக்கிற ஆபத்து. காற்று அடித்தபோது அதற்கு ஒட்டுறவு வந்துவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1863ல் தோன்றியதுதான் ஸ்விஸ் ரீ. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் நிறுவனம் அது. இதை மறுகாப்பீடு என்கிறோம். நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வது மும்பையில் இருக்கும் ஜிஐசி ரீ. இங்குள்ள பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைச் சட்டப்படியே அதற்குக் கொடுத்தாக வேண்டும்.

ஏற்பாடு இப்படிப் போகும். ஒரே வெள்ளத்தில் உதாரணமாக 50 கோடி வரை இழப்பை நிறுவனம் தானே ஏற்கும். அதற்கு மேல் போனால், முன்பே கட்டிய ஒரு கட்டணத்துக்குப் பதிலாக மறுகாப்பீட்டாளர்கள் கொடுப்பார்கள். அவர்களிடம் சென்னை வெள்ளம், ஜப்பான் புயல், துருக்கி நிலநடுக்கம் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். அடையாறு பெருகுவதற்கும் துருக்கியில் பூமி அதிர்வதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெர்னூலியின் விதி மறுபடி உயிர் பெறுகிறது. இங்கே எண்ண வேண்டிய அலகு மட்டும் மாறிவிட்டது. வீட்டை எண்ணக்கூடாது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பேரிடர்களை எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே பரப்பினால் போதாதா என்று கேட்கலாம். 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் நாம் தத்தளித்தோம். இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர். ஆனால் இரண்டுக்கும் பருவமழை ஒன்றுதான். தூரம் மட்டும் போதாது, காரணமும் வேறாக இருக்க வேண்டும்.

என் அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, இவ்வளவு சொல்றீங்க, ஆனா கம்பெனிக்காரன் லாபம் வெச்சுத்தானே விக்கிறான்?" ஆமாம், வைத்துத்தான் விற்கிறான். அதிலும் வெள்ளத்துக்கான கட்டணம் சராசரி இழப்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். என்றோ ஒருநாள் மொத்தமாகக் கொடுப்பதற்காகப் பெரிய தொகையைப் பல வருடம் யாரோ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தின் சொந்தக்காரர் சும்மா விடமாட்டார். விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், பேரம் பேசுங்கள். ஆனால் அந்தக் கூடுதல் தொகையில் நீங்கள் வாங்குவது என்ன என்பதையும் பாருங்கள். உங்கள் ஊர் மூழ்கும்போது மூழ்காத ஒருவர் பையிலிருந்து பணம் வரும் என்ற உறுதி அது. தெரு நிதி எத்தனை நேர்மையாக நடந்தாலும் அதைத் தர முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. நூற்றில் ஒன்று என்று நாம் போட்ட எண்ணே தப்பானால், அந்தத் தப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் பொருந்தும். எத்தனை கோடிப் பேரைச் சேர்த்தாலும் அந்தப் பிழை சராசரியில் கரையாது. ஏரி வாயும் கால்வாயும் அடைபட்டால், மழையின் குணம் மாறினால், எண்ணும் மாறிவிடும். நிறுவனம் கட்டணத்தை ஏற்றும், அல்லது சில பகுதிகளுக்கு விற்கவே தயங்கும். ஆகவே காப்பீடு எடுத்தாயிற்று என்று கால்வாய் தூர்வாரும் கோரிக்கையை விட்டுவிடக்கூடாது. நிகழ்தகவைக் குறைக்கிற வேலையைக் கால்வாய்தான் செய்யும். காப்பீடு இழப்பைப் பங்கிட மட்டுமே செய்யும்.

2015 வெள்ளத்தில் மொத்த இழப்பு 200 கோடி டாலருக்கும் மேல் என்று ஸ்விஸ் ரீ கணக்கிட்டது. அதில் பாதிகூடக் காப்பீட்டுக்குள் இல்லை. காப்பீடு இருந்த பகுதிக்கு உலகத்தின் பல மூலையிலிருந்தும் பணம் வந்தது. மீதியை நம் மக்கள் நகையை அடகு வைத்தும், பி.எஃப். பணத்தை எடுத்தும் சரிக்கட்டினார்கள்.

ஆகவே முடிச்சூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. மாதம் 200ஐ நிறுத்த வேண்டாம். அதில் ஒரு பகுதியை விபத்து, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, சம்பாதிப்பவர் இறந்துபோவது போன்ற, வீட்டுக்கு வீடு தனித்தனியாக வரும் கஷ்டங்களுக்கு வையுங்கள். நூறு வீடு சிறிய கூட்டம், எனவே ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு எழுதிவையுங்கள். முடிந்தால் தூரத்துத் தெருச் சங்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கஷ்டங்களுக்குக் கூட்டம் பெருகுவது உண்மையிலேயே பலம்.

வெள்ளத்துக்கு ஒவ்வொரு வீடும் வெளியிலிருந்து பாலிசி வாங்கட்டும். 2021 ஏப்ரல் முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான வீட்டுப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ, புயல், வெள்ளம் அதில் அடக்கம். கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மரச்சாமான்களுக்கும் சேர்த்தா என்று பார்த்து வாங்குங்கள். அடுக்ககத்தில் சங்கம் எடுத்த பாலிசி கட்டடத்துக்கு மட்டும் என்றால் தரைத்தள வீட்டுச் சாமானுக்கு அது உதவாது. காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டால், எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் இதைச் செய்துவிடுங்கள். புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகு ஓடினால் எவனும் விற்கமாட்டான். தெருவே மூழ்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் படகு தருவார், சோறு தருவார், மாடியில் இடம் தருவார். பணம் தர அவரால் முடியாது. அவர் வீட்டிலும் தண்ணீர்.